'ஒத்துக்கொள்கிறீர்களா?' என்று கேட்கும் கேள்வித்தாள்

கள ஆய்வு வேலைக்குப் புதிதாகச் சேர்பவர்கள் கையில் பெரும்பாலும் ஒரே மாதிரியான கேள்வித்தாள்தான் வந்து சேரும். இடப்பக்கம் வரிசையாக வாக்கியங்கள். வலப்பக்கம் 'முழுக்க ஒத்துக்கொள்கிறேன்' தொடங்கி 'முழுக்க மறுக்கிறேன்' வரை ஐந்து கட்டங்கள். 1932இல் அமெரிக்க உளவியலாளர் ரென்சிஸ் லைக்கர்ட் வகுத்த அளவுகோலின் வழிவந்தது இது. எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில் அட்டை போதும், வேலை சீக்கிரம் முடியும் என்பதால் எங்கும் பரவிவிட்டது. உங்கள் கையிலும் அப்படி ஒன்று இருந்தால், களத்துக்குக் கிளம்பும் முன் அதை மாற்றிப் பாருங்கள்.

சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகும் சாலையில் இருக்கிறது பனவடலிசத்திரம். அங்கே பஸ் வசதி பற்றிக் கருத்துக் கேட்கப் போவதாக வைத்துக்கொள்வோம். தாளில் முதல் வாக்கியம்: 'எங்கள் ஊருக்கு வரும் பஸ்கள் நேரத்துக்கு வருகின்றன.' திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆச்சியிடம் இதை வாசித்துக் காட்டி, "ஒத்துக்கிடுதீங்களா ஆச்சி?" என்று கேட்டால், "ஆமாய்யா, நீங்க சொன்னா சரிதான்" என்று பதில் வரும். ஆச்சி பொய் சொல்லவில்லை. வெயிலில் வீடு தேடி வந்த பிள்ளையின் பேச்சை மறுக்க மனசு வராது. படித்தவர் ஒருவர் தாளில் எழுதிக் கொண்டுவந்ததை மறுப்பதற்குக் கூடுதல் துணிச்சலும் வேண்டும். இவை தவிர மூன்றாவது காரணம் ஒன்று உண்டு, அதைப் பலரும் கவனிப்பதில்லை. மறுக்க வேண்டுமானால் போன வாரம் எந்த பஸ் எப்போது வந்தது என்று நினைத்துப் பார்க்க வேண்டும். ஆமோதிக்க எதையும் நினைக்க வேண்டாம். அலுப்பு தட்டிய பதினைந்தாவது கேள்வியில் படித்தவர்களும் இந்தச் சுலபமான வழியில் இறங்கிவிடுகிறார்கள்.

இந்தச் சாய்வை அளந்து காட்டியவர்கள் ஹோவர்ட் ஷூமன், ஸ்டான்லி பிரெஸ்ஸர் என்ற இருவர். அமெரிக்காவில் 1970களில் நடத்திய சோதனையில், குற்றங்கள் பெருகுவதற்குச் சமூகச் சூழலைவிடத் தனிமனிதர்களே அதிகக் காரணம் என்ற வாக்கியத்தை ஒரு பகுதியினரிடம் வாசித்தார்கள். சுமார் 60 சதவீதம் பேர் ஒத்துக்கொண்டார்கள். அதே வாக்கியத்தைத் தலைகீழாக்கி, தனிமனிதர்களைவிடச் சமூகச் சூழலே அதிகக் காரணம் என்று வேறொரு பகுதியினரிடம் வாசித்தார்கள். அதற்கும் சுமார் 57 சதவீதம் பேர் ஒத்துக்கொண்டார்கள். இரண்டும் ஒருசேர உண்மையாக முடியாது. கூட்டினாலோ நூறைத் தாண்டுகிறது. அந்த உபரியில் மக்களின் கருத்து இல்லை, கேள்வியின் வடிவம்தான் இருக்கிறது.

உங்கள் தாளில் இந்த நோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்கும் இதே வழிதான். முன்னோட்டத்தின்போது பாதிப் பேரிடம் ஒரு வாக்கியத்தையும் மீதிப் பேரிடம் அதன் எதிர் வாக்கியத்தையும் கேளுங்கள். யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்ய வேண்டும். ஒரு தெருவுக்கு ஒன்று, மறு தெருவுக்கு இன்னொன்று என்று பிரிக்கக் கூடாது. இரண்டு தரப்பின் 'ஆமா'க்களும் சேர்ந்து நூறு சதவீதத்தைக் கணிசமாகத் தாண்டினால் தாளைத் திருத்தியே ஆக வேண்டும்.

சிலர் பாதி வாக்கியங்களை எதிர்மறையாக எழுதிவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்பார்கள். தமிழில் இது கூடுதல் ஆபத்து. 'பஸ்கள் நேரத்துக்கு வருவதில்லை, ஒத்துக்கொள்கிறீர்களா?' என்று கேட்டால், "இல்ல, எங்க வருது?" என்பார் ஒருவர். வாக்கியத்தை அவர் ஆமோதிக்கிறார், ஆனால் காதில் விழுந்தது 'இல்ல'. அவசரத்தில் இருக்கும் பணியாளர் மறுப்பு என்று குறித்துவிடுவார். அப்படியே சரியாகக் குறித்தாலும், எதற்கும் ஆமா போடுகிறவர் இரண்டு பக்கமும் ஆமா போட்டு நடுவில் போய் நிற்பார். அவருடைய உண்மையான கருத்து அப்போதும் கிடைக்காது.

மாற்று வழி எளிமையானது. வாக்கியத்துக்குள் ஒளிந்திருக்கும் அளவு எது என்று கண்டுபிடியுங்கள். எத்தனை தடவை, எவ்வளவு நேரம், எவ்வளவு நல்லது, எவ்வளவு முக்கியம் என்று ஏதோ ஒன்று இருக்கும். அதையே கேள்வியாக்கி, பதில்களையும் அந்த அளவின் சொற்களிலேயே கொடுங்கள். பஸ் வாக்கியம் இப்படி மாறும்: 'கடைசியாக நீங்கள் சங்கரன்கோவிலுக்குப் போனபோது பஸ்ஸுக்காக எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்? பத்து நிமிடத்துக்குள்ளா, பத்திலிருந்து அரை மணி வரையா, அரை மணிக்கு மேலா?' இதில் ஆமா போட இடமே இல்லை. ஆச்சி கொஞ்சம் யோசித்து, "சந்தைக்குப் போனன்னைக்கு அரை மணிக்கு மேலதான்யா நின்னேன்" என்று ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

இன்னொரு லாபமும் உண்டு. 'பஸ் சில சமயம் தாமதமாக வருகிறது' என்ற வாக்கியத்தை ஒருவர் மறுக்கிறார் என்றால் அவர் என்ன சொல்கிறார்? ஒருநாளும் தாமதமில்லை என்கிறாரா, தினமும் தாமதம்தான் என்கிறாரா? இருவரும் ஒரே கட்டத்தில் விழுவார்கள். 'எப்போதும், அடிக்கடி, எப்போதாவது, ஒருபோதும் இல்லை' என்று கேட்டால் அவர்கள் பிரிந்து நிற்பார்கள். வில்லெம் சாரிஸும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் இரண்டு வடிவங்களையும் ஒப்பிட்டு, கேள்விக்குரிய பதில்களைத் தரும் வடிவமே தரமான அளவீட்டைத் தருகிறது என்று காட்டினார்கள்.

இந்திய உதாரணம் ஒன்றைப் பாருங்கள். பியூ ஆய்வு மையம் 2019-20இல் சுமார் 30,000 இந்தியர்களை நேரில் கண்டு 17 மொழிகளில் பேட்டி எடுத்தது. வேலைகள் குறைவாக இருக்கும்போது ஆண்களுக்கே அதிக உரிமை வேண்டும் என்ற கருத்தை 80 சதவீதம் பேர் ஒத்துக்கொண்டார்கள். அதே ஆய்வு, குடும்பத்துக்குச் சம்பாதிக்கும் பொறுப்பு முக்கியமாக ஆண்களுடையதா, பெண்களுடையதா, இருவருடையதுமா என்றும் கேட்டது. 54 சதவீதம் பேர் இருவருக்கும் என்றார்கள். 43 சதவீதம் பேர் ஆண்களுக்கு என்றார்கள். இரண்டும் வெவ்வேறு கேள்விகள், ஆகவே இடைவெளி முழுவதையும் வடிவத்தின் தலையில் கட்ட முடியாது. ஒருவர் இரண்டையும் மனதார நம்பலாம். ஆனாலும், இந்த 80ஐ மட்டும் எடுத்துத் தலைப்புச் செய்தி எழுதுகிறவர், அதில் எவ்வளவு நம்பிக்கை, எவ்வளவு மரியாதைக்கான ஆமா என்று பிரிக்க வழியில்லாமல்தான் எழுதுகிறார்.

புதிய வடிவத்துக்கும் எல்லை உண்டு. உங்களைப் பஸ் டெப்போ ஆள் என்றோ கட்சிக்காரர் என்றோ நினைத்துவிட்டால், எந்த வடிவத்தில் கேட்டாலும் குறை வெளியே வராது. வாய்மொழியாக ஏழெட்டுப் பதில்களை அடுக்கினால் கடைசியில் சொன்னதுதான் நினைவில் நிற்கும், அதையே திருப்பிச் சொல்வார்கள். நான்கு, ஐந்தோடு நிறுத்துங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் தனிப் பதில் வரிசை என்பதால் பேட்டி நீளும். அதனால் கேள்விகளைக் குறைக்க நேரும், எனக்கு அது நஷ்டமாகத் தெரியவில்லை.

ஒத்துக்கொள்கிறேன் வடிவத்தை விடாமல் வைத்திருக்க நியாயமான காரணம் ஒன்றுண்டு: பல வருடமாக அதே வாக்கியத்தைக் கேட்டு வந்த ஆய்வு. நடுவில் வடிவத்தை மாற்றினால், மக்கள் மாறினார்களா கேள்வி மாறியதா என்று சொல்ல முடியாமல் போகும். அப்படிப்பட்ட இடத்தில் மேலதிகாரியிடம் ஒரே ஒரு சுற்று மட்டும் அனுமதி கேளுங்கள். பாதிப் பேருக்குப் பழைய வடிவம், பாதிப் பேருக்குப் புதியது, பிரிப்பது குலுக்கல் முறையில். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கையில் கிடைத்த பிறகு, அடுத்த சுற்றில் பழையதைக் கைவிடலாம்.