கடைசிப் பேப்பருக்குப் பிறகு: கொப்பியை எரிக்காதீர்கள்

புத்தூர்ப் பகுதியில் உயர்தரம் எழுதி முடித்த பிள்ளைகளுக்கும் வீட்டாருக்கும்.

முதல் கிழமை நித்திரை. அனுமதி அட்டையை ஓர் உறையில் போட்டு வையுங்கள், சுட்டெண்ணை அம்மாவிடமும் எழுதிக் கொடுங்கள். மாரியில் கிணறுகள் முட்டி நிற்கின்றன, கும்பலாய்ப் போய்க் குதிக்க வேண்டாம். நிலாவரைக்குப் போனால் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

இரண்டாம் கிழமை, ஒரே ஒரு நாள், பல்தேர்வு வினாத்தாளை எடுத்து விடைகளைச் சரிபாருங்கள். எந்த அலகில் பிழைத்தது என்று மட்டும் குறித்து வையுங்கள். அமைப்புக் கட்டுரை, கட்டுரை வினாக்களுக்கு நீங்களே புள்ளி போடாதீர்கள். அவற்றில் படிப்படியாகப் புள்ளி கிடைக்கும். இறுதி விடை பிழைத்தாலும் வழிமுறைக்கு உண்டு. என்ன எழுதினீர்கள் என்பதும் அதற்குள் பாதி மறந்திருக்கும்.

இனி, நான் பயப்படுகிற விடயம். சந்தியில் நின்று மூன்று பாடத்துக்கும் புள்ளி கூட்டி, அதிலிருந்து இசட் புள்ளி கண்டுபிடிக்கிறார்கள். அது உங்களால் முடியாது. முடியவே முடியாது. உங்கள் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்துத்தான் அது வரும். சராசரியும் விலகலும் திணைக்களம் எல்லாத் தாள்களையும் திருத்திய பிறகே தெரியும்.

ஓர் உதாரணம், எண்கள் கற்பனை. பௌதிகத்தில் 52, சராசரி 40, விலகல் 20. இசட் 0.6. உயிரியலில் 62; சராசரி 56, விலகல் 20. இசட் 0.3 மட்டுமே. கூடப் புள்ளி எடுத்த பாடத்தில் இசட் குறைவு. பேப்பர் கஷ்டம் என்று அழுதீர்களே, அந்தக் கஷ்டம் எல்லாருக்கும்தான். சராசரியும் சேர்ந்து இறங்கும்.

போன முறை ஒரு பையன் இந்தச் சந்திக் கணக்கை நம்பி, தான் நிச்சயம் எடுபட்டான் என்று ரியூசன் கொப்பிகளை எல்லாம் வளவில் எரித்தான். முடிவு வந்தபோது மாவட்ட வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றான். இரண்டாம் தரம் படிக்க, அயலவரிடம் கொப்பி இரந்து திரிந்தான். இன்னொரு பிள்ளை மறுபக்கம்: பெயில் என்று தானே தீர்ப்பெழுதி, இரண்டு மாதம் அறையை விட்டு வரவில்லை. முடிவில் மூன்றிலும் சித்தி. எத்தனை தரம் சொல்வது, பிள்ளைகளே! பெற்றோரும் கேளுங்கள்: "எத்தனை வரும்?" என்று நச்சரிப்பதை விடுங்கள்.

காத்திருப்பு நீளம். 2024 பரீட்சை நவம்பரில் தொடங்கியது, முடிவு 2025 ஏப்ரலில்தான் வந்தது. அந்த மாதங்களுக்கு ஆங்கிலமோ கணினியோ ஒரு வகுப்பு போதும். தோட்டத்தில் கைகொடுத்தாலும் நல்லது. முடிவு வந்ததும் மீள்பரிசீலனைக்கும் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கும் கடைசித் திகதியைப் பாருங்கள். விண்ணப்பத்தில் கற்கைநெறிகளை விருப்ப ஒழுங்கில் எழுத வேண்டும், அதை அவசரத்தில் நிரப்பாதீர்கள்.

கொப்பிகளை மட்டைப் பெட்டியில் கட்டி, ஒழுக்கில்லாத மூலையில், கல்லின் மேல் வையுங்கள். நிலத்தில் வைத்தால் கறையான் பிடிக்கும்.