மொழி மாறிய ஃபோன்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பேரன் கையில் கொடுத்த ஃபோன் திரும்பி வரும்போது அரபியில் வருகிறது. பழைய ஃபோன் வாங்கினால் முன்பு வைத்திருந்தவரின் மொழி அப்படியே இருக்கிறது. திரையில் ஒரு எழுத்துகூடப் புரியாதபோது வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அவற்றில் சில பயனற்றவை. ஒன்று மட்டும் ஃபோனில் உள்ள எல்லாவற்றையும் அழித்துவிடும். அதை முதலில் பார்த்துவிடுவோம்.

நம்பிக்கை: ஃபேக்டரி ரீசெட் போட்டால்தான் சரியாகும்.

ரீசெட் போட்டால் மொழி சரியாகும் என்பது உண்மை. எல்லாம் அழிந்து, ஃபோன் புதிதாகத் தொடங்கும்போது மொழியைக் கேட்கும். ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை பெரிது. வேறெங்கும் சேமித்து வைக்காத படங்கள் போய்விடும். பேக்கப் எடுக்காத வாட்ஸ்அப் உரையாடல்களும் போய்விடும். திரை புரியாததால் பல கடைகளில் பவர், வால்யூம் பட்டன்களை அழுத்திப் பிடித்து ரீசெட் போடுவார்கள். ஆண்ட்ராய்டு 5.1 முதல் இருக்கும் திருட்டுத் தடுப்பு ஏற்பாட்டின்படி, அப்படி அழித்த ஃபோன் மறுபடி எழும்போது பழைய கூகுள் கணக்கையும் பாஸ்வேர்டையும் கேட்கும். அது நினைவில் இல்லாதவருக்கு, மொழி மட்டும் மாறியிருந்த நல்ல ஃபோன் பூட்டிய பெட்டியாகிவிடும்.

"முழு ரீசெட் வேண்டாம், அமைப்புகளை மட்டும் ரீசெட் செய்யலாம்" என்று சிலர் நடுவழி சொல்வார்கள். சாம்சங் ஃபோன்களில் அதுவும் உதவாது. எல்லா அமைப்புகளையும் பழைய நிலைக்குக் கொண்டுபோகும் அந்த வசதி, மொழியைத் தொடாமல் விட்டுவிடுகிறது.

நம்பிக்கை: அணைத்துப் போட்டால், அல்லது சிம்மைக் கழற்றி மாட்டினால் பழையபடி வந்துவிடும்.

வராது. எந்த மொழி என்பது ஃபோனின் நினைவகத்தில் எழுதப்பட்ட ஒரு குறிப்பு. எத்தனை முறை அணைத்தாலும் அது அங்கேயே இருக்கும். சிம்முக்கும் இதற்கும் தொடர்பு கிடையாது. வைரஸ் புகுந்துவிட்டது என்று பயப்படவும் வேண்டாம். யாரோ மொழிப் பட்டியலில் கை வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நம்பிக்கை: படிக்க முடியாவிட்டால் வழி தெரியாது.

ஆண்ட்ராய்டு ஃபோனானாலும் ஐஃபோனானாலும், மொழி மாறும்போது சொற்கள்தான் மாறுகின்றன. அவற்றின் பக்கத்தில் உள்ள சின்னங்கள் மாறுவதில்லை. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ் பட்டியலில் எது எதற்குக் கீழே வரும் என்பதும் மாறுவதில்லை. அந்தப் பட்டியல் அகரவரிசையில் இல்லை. தயாரித்தவர்கள் முடிவு செய்த வரிசையில் இருக்கிறது. அதனால் ஆங்கிலத்தில் கீழிருந்து ஐந்தாவதாக இருந்த வரி, அரபியிலும் சீனத்திலும் கீழிருந்து ஐந்தாவதாகவே இருக்கும்.

செயலிகளை அகரவரிசையில் காட்டும் பக்கம் அப்படியல்ல. அங்கே செயலியின் பெயர் மாறும்போது இடமும் மாறும். வழக்கமான இடத்தில் செட்டிங்ஸைத் தேடிக் காணாமல் பலர் தவிப்பது இதனால்தான். அந்தப் பக்கத்தை விட்டுவிடுங்கள். ஆண்ட்ராய்டில் திரையின் மேல் விளிம்பிலிருந்து இரண்டு விரலால் கீழே இழுத்தால் வைஃபை, டார்ச் எல்லாம் உள்ள பலகை வரும். அதில் ஒரு சிறிய பற்சக்கரம் இருக்கும். அதுதான் செட்டிங்ஸ்.

அரபி, உருது, பாரசீகம், எபிரேயம் ஆகியவை வலமிருந்து இடமாக எழுதப்படுபவை. இந்த மொழிகளுக்கு மாறினால் திரை முழுவதும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பிவிடும். வலது மூலையில் இருந்தது இடது மூலைக்குப் போகும். சின்னங்கள் வரியின் வலது ஓரத்துக்கு வரும். பின்னால் போகும் அம்பு மேலே வலப்பக்கம் இருக்கும். ஆனால் திரும்புவது இடமும் வலமும் மட்டும்தான். மேலிருந்து கீழான வரிசை அப்படியே இருக்கும். இது ஒன்றைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஒரு சாம்சங் ஃபோன் அரபிக்கு மாறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அம்மா ஊரில் இருக்கிறார். அப்பாவின் ஃபோனிலிருந்து சென்னையில் உள்ள மகளை அழைக்கிறார். மகள் ஒரு சொல்லைக்கூடப் படிக்கச் சொல்லாமல் வழி காட்ட முடியும்.

"அம்மா, மேலே இருந்து ரெண்டு விரலால கீழே இழுங்க. பல்சக்கரம் தெரியுதா? எப்பவும் வலது மூலையில இருக்கும், இப்ப இடது மூலையில இருக்கும்."

"இருக்குடி."

"அதைத் தொடுங்க. ஒரு நீள பட்டியல் வரும். கடைசி வரைக்கும் தள்ளுங்க. ஆகக் கடைசியில வட்டத்துக்குள்ள ஒரு சின்னக் கோடும் மேல புள்ளியும் இருக்கா? இப்ப அங்கேருந்து மேல வாங்க. ஒரு ஆள் உருவம் வரும்."

"ஆமா, பொம்மை மாதிரி."

"அதுக்கு நேர் மேல, மூணு கோடு போட்டு ஒவ்வொரு கோட்டுலயும் ஒரு குமிழ் இருக்கும். அதைத் தொடுங்க."

அந்த ஆள் உருவம் உடல்வசதி அமைப்புகளுக்கான சின்னம். அதற்கு மேலே குமிழ் வைத்த கோடுகளோடு இருப்பது பொது நிர்வாகப் பகுதி. ஒரே சின்னத்தை மட்டும் நம்பாமல், பக்கத்தில் உள்ளதையும் சேர்த்து மகள் அடையாளம் சொன்னதைக் கவனியுங்கள். எந்தச் சின்னத்துக்கு மேலே, எதற்குக் கீழே என்று சொன்னால் தவறு நேராது.

பொது நிர்வாகத்தின் உள்ளே சின்னங்கள் இருக்காது, வெறும் எழுத்துதான். அதனால் பயப்பட வேண்டாம். முதல் வரியே மொழி. அதைத் தொட்டதும், சரியான இடத்துக்கு வந்துவிட்டோமா என்பது உடனே தெரியும். மொழிப் பட்டியலில் ஒவ்வொரு மொழியும் அதன் சொந்த எழுத்திலேயே எழுதப்பட்டிருக்கும். ஃபோன் அரபியில் இருந்தாலும் தமிழ் "தமிழ்" என்றே இருக்கும், ஆங்கிலம் "English" என்றே இருக்கும். நுழைந்த பக்கத்தில் இப்படி மொழிப் பெயர்கள் தெரியவில்லை என்றால் அது வேறு பக்கம். எதையும் தொடாமல் அம்பை அழுத்தி வெளியே வந்துவிடலாம்.

அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே English இருந்தால் அதைத் தொட்டு, அடியில் வரும் பட்டனை அழுத்தினால் போதும். இல்லையென்றால் கூட்டல் குறி உள்ள வரியைத் தொட வேண்டும். நீண்ட பட்டியல் வரும். அதில் உங்கள் மொழியைத் தேர்ந்தெடுத்ததும் சிறிய பெட்டியில் இரண்டு பட்டன்கள் வரும். ஒன்று இருக்கிற மொழியே தொடரட்டும் என்பது, மற்றது புதியதை முதன்மையாக்கு என்பது. வழக்கமாக இரண்டாவது வலப்பக்கம் இருக்கும், அரபியில் இடப்பக்கம். தவறானதை அழுத்திவிட்டாலும் கெட்டுப்போவது எதுவுமில்லை. புதிய மொழி பட்டியலில் சேர்ந்திருக்கும். அதைத் தொட்டு அடியில் உள்ள பட்டனை அழுத்திக்கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கை. இதே பொது நிர்வாகப் பக்கத்தின் கடைசிப் பகுதியில்தான் ரீசெட் வரியும் இருக்கிறது. அதற்கும் சின்னம் கிடையாது. எனவே முதல் வரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கீழே இறங்க வேண்டாம். ஏதாவது ஒரு பெட்டி வந்து சந்தேகமாக இருந்தால், இன்னொரு ஃபோனில் கூகுள் டிரான்ஸ்லேட்டைத் திறந்து, அதன் கேமராவில் அந்தத் திரையைக் காட்டிப் படித்த பிறகு அழுத்துங்கள்.

நம்பிக்கை: ஒரு ஃபோனில் கற்ற வழி எல்லா ஃபோனுக்கும் பொருந்தும்.

பொருந்தாது. ஆண்ட்ராய்டில் மொழி மாறினால் வரிசை மாறாது, கம்பெனி மாறினால் மாறும். கூகுளின் பிக்சல் போன்ற கலப்பில்லாத ஆண்ட்ராய்டில் குமிழ் வைத்த கோடுகளைத் தேடினால் ஏமாற்றம்தான். அங்கே செட்டிங்ஸின் கடைசிப் பகுதியில், ஃபோனைப் பற்றிய விவரப் பகுதிக்கு மேலே வட்டத்துக்குள் 'i' போன்ற சின்னம் இருக்கும். அது சிஸ்டம். உள்ளே போனால் மேலேயே உலக உருண்டைச் சின்னத்தோடு மொழி வரும். அங்கு மொழிகள் எண்ணிட்ட பட்டியலாக இருக்கும். உங்கள் மொழியின் ஓரத்தில் உள்ள கோடுகளைப் பிடித்து முதலிடத்துக்கு இழுத்தால் ஃபோன் அந்த மொழிக்கு மாறிவிடும்.

ஐஃபோனில் செட்டிங்ஸ் திறந்ததும் சாம்பல் நிறச் சதுரத்தில் இன்னொரு பற்சக்கரம் தெரியும். செட்டிங்ஸ் செயலியின் சின்னமும் அதே வடிவம்தான் என்பதால் பலர் இதைக் கவனிப்பதில்லை. அதுதான் பொதுப் பகுதி. மொழிப் பக்கம் அதற்குள், கீபோர்டு வரி இருக்கும் தொகுப்பிலேயே இருக்கிறது. அந்தத் தொகுப்பின் வரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். மொழிப் பெயர்கள் சொந்த எழுத்தில் தெரியும் பக்கம்தான் நீங்கள் தேடுவது.

நம்பிக்கை: கீபோர்டில் உள்ள உருண்டையை அழுத்தினால் ஃபோன் மொழி மாறிவிடும்.

உலக உருண்டை என்றாலே மொழி என்று மனதில் பதிந்திருப்பதால் வரும் குழப்பம் இது. கீபோர்டில் உள்ள உருண்டை, நாம் தட்டச்சு செய்யும் எழுத்தை மட்டுமே மாற்றும். மெனுக்கள் எந்த மொழியில் இருக்கின்றன என்பதை அது தொடாது. அதை அழுத்திக்கொண்டே இருந்தால் கீபோர்டும் தெரியாத மொழிக்குப் போய், இரண்டு சிக்கலாகிவிடும். ஃபோனின் மொழி செட்டிங்ஸுக்குள் மட்டும்தான் மாறும்.

ஃபோன் நல்ல நிலையில் இருக்கும்போதே இரண்டு வேலை செய்து வையுங்கள். மொழிப் பட்டியலில் தமிழையும் ஆங்கிலத்தையும் இரண்டையுமே சேர்த்துவிடுங்கள். பிறகு யார் எந்த மொழிக்கு மாற்றினாலும் இவை பட்டியலில் காத்திருக்கும், கூட்டல் குறியைத் தேட வேண்டியிருக்காது. அடுத்து, உங்கள் ஃபோனில் மொழிப் பக்கம் வரை போகும் ஒவ்வொரு திரையையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து மகனுக்கோ மகளுக்கோ அனுப்பி வையுங்கள்.