முதுகெலும்பில் அடிபட்டவருக்குச் சலம் கழிக்கும் முறை



மரத்துக்கு மேல ஏறிக் கிளை வெட்டும்போது விழுந்தோ, லொறியில் அடிபட்டோ முள்ளந்தண்டு முறிந்தவர் உங்கள் லயத்திலும் இருக்கலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் பனையில் கள்ளுச் சீவ ஏறி விழுந்தவர்களும், 2009 வரை நடந்த போரில் காயப்பட்டவர்களும் இதே நிலையில் இருக்கிறார்கள். கால் நடக்காதது நம்ம கண்ணுக்குத் தெரியும். சலப்பை வேலை செய்யாதது தெரியாது. ஆனால் உயிருக்கு ஆபத்து அங்கிருந்தும் வரும்.

சலப்பை நிறைந்தது என்ற செய்தி முள்ளந்தண்டு வழியாகத்தான் மூளைக்குப் போகிறது. "வாயைத் திற, சுருங்கு" என்ற கட்டளையும் அதே வழியாகத்தான் திரும்பி வருகிறது. அந்த வழி அறுந்தால் பை நிறைவது தெரியாது. சிலருக்குப் பை தளர்ந்துபோய்ச் சலம் தேங்கும். சிலருக்குப் பை சுருங்கும், ஆனால் வாய் திறக்காது. அப்போது உள்ளே அமுக்கம் ஏறி, சலம் மேல்நோக்கித் தள்ளப்பட்டு, நாளடைவில் சிறுநீரகம் கெட்டுப்போகும். "சொட்டுச் சொட்டாப் போகுதே, அப்போ பரவாயில்லை" என்று வீட்டில் சொல்வார்கள். அது தவறு. நிரம்பிய பீப்பாய் வழிவது போல, பை நிறைந்திருப்பதால்தான் அது வழிகிறது.

இதற்கு வழி, நேரம் பார்த்து ஒரு மெல்லிய குழாயை (கதீற்றர்) விட்டுப் பையைக் காலியாக்கி, உடனே குழாயை எடுத்துவிடுவது. இதை நோயாளி தானே வீட்டில் செய்யலாம் என்று 1972ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் ஜாக் லாப்பிடிஸ் எழுதினார். அதற்கு முன்பு, கிருமி நீக்கிய கையுறை போட்டு ஆஸ்பத்திரியில்தான் செய்ய வேண்டும் என்றிருந்தது. பை அளவுக்கு மிஞ்சி விரிந்தால் அதன் சுவருக்கு இரத்தம் சரியாக ஓடாது, கிருமி பிடிக்கும், ஆகவே நேரத்துக்குக் காலியாக்குவதே முக்கியம், கை சுத்தமாக இருந்தால் போதும் என்றார் அவர்.

வார்டில் தாதி முதலில் செய்து காட்டுவார். பிறகு நோயாளி அவர் முன்னால் செய்ய வேண்டும். சாய்ந்து உட்கார்ந்து, கையையும் சலத்துவாரத்தையும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, குழாயில் ஜெல் தடவ வேண்டும். ஆண்கள் உறுப்பை மேல்நோக்கிப் பிடித்து மெதுவாக விட வேண்டும். பெண்கள் தொடக்கத்தில் கண்ணாடி வைத்துத் துவாரத்தைப் பார்த்துப் பழக வேண்டும். சலம் வரத் தொடங்கியதும் இன்னும் 2 அல்லது 3 சென்ரிமீற்றர் உள்ளே விடுங்கள். ஓட்டம் நின்றபின் மெல்ல மெல்ல இழுத்து எடுங்கள். இடையில் மறுபடி வந்தால் அங்கேயே நிறுத்திக் காத்திருங்கள். குழாய் தடைபட்டால் பலவந்தமாகத் தள்ளக்கூடாது. பெருமூச்சு விட்டுச் சற்றுப் பொறுத்து முயலுங்கள். அப்போதும் போகாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சாதாரணமாக 4 முதல் 6 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை செய்ய வேண்டும். ஒரு தடவையில் வருவது 500 மில்லிலீற்றரைத் தாண்டக்கூடாது. அளவுக் கோப்பையில் அளந்து கொப்பியில் எழுதி வையுங்கள். பனையிலிருந்து விழுந்த ஒருவரின் கொப்பி இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: காலை 6 மணிக்கு 650, 10 மணிக்கு 300, பகல் 2 மணிக்கு 300, மாலை 6 மணிக்கு 300, இரவு 10 மணிக்கு 250. பகல் கணக்கு சரி, காலைக் கணக்குத்தான் கூட. ஏன்? பகலெல்லாம் சக்கர நாற்காலியில் தொங்கிய காலில் நீர் தங்குகிறது. படுத்ததும் அது இரத்தத்துக்குத் திரும்பிச் சலமாகிறது. ஆகவே அவர் மாலையில் ஒரு மணித்தியாலமாவது காலை உயர்த்தி வைத்துப் படுக்க வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தேநீர், தண்ணீரைக் குறைக்க வேண்டும். அப்போது இரவு 10 மணிக்கு வரும் அளவு கூடும், காலையில் குறையும். குறையாவிட்டால் நடுச்சாமத்தில் ஒரு தடவை எழும்பத்தான் வேண்டும். சலம் அதிகம் வருகிறதென்று பகலில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடாதீர்கள். கல்லும் கிருமியும் வரும்.

சலம் கலங்கலாக இருப்பதற்காக மட்டும் அன்ரிபயோற்றிக் வாங்கிக் குடிக்காதீர்கள். ஆனால் காய்ச்சல், குளிர் நடுக்கம், நிறைய இரத்தம் வந்தால் அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள். நடு நெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலேயோ முள்ளந்தண்டு அடிபட்டவருக்குத் திடீரென்று தலை வெடிக்கிற மாதிரி வலித்து, முகம் சிவந்து வியர்த்தால், பிரஷர் ஏறியிருக்கும். பை நிறைந்திருப்பதே பெரும்பாலும் காரணம். அவரை நிமிர்த்தி உட்காரவைத்து உடனே சலத்தை எடுங்கள். அப்படியும் குறையாவிட்டால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கையும் விரல்களும் வேலை செய்யாதவருக்கு மனைவியோ அம்மாவோ இதே முறையைப் பழகிச் செய்யலாம். வார்டிலிருந்து துண்டு வெட்டும் முன்பே, அவர்களும் தாதியின் முன்னால் ஒரு தடவையாவது செய்து காட்டட்டும்.