டியூ நின்னா வண்டி யாருக்குச் சொந்தம்?

திருத்தணி ரயில் நிலையத்திலிருந்து மலைக்குப் பக்தர்களை ஏற்றிச் செல்லும் ஆட்டோ ஓட்டுநர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வண்டியை ஃபைனான்ஸில் எடுத்தவர். இரண்டு மாத டியூ நின்றுவிட்டது. ஆடிக் கிருத்திகை வந்தால் கட்டிவிடலாம் என்று நினைக்கிறார். அதற்குள் ஆள் வந்து வண்டியைத் தூக்கிவிடலாமா?

பதில் ஒப்பந்தத்தில் இருக்கிறது. தவணைக் கொள்முதல் என்றால், கடைசித் தவணை கட்டும் வரை நிதி நிறுவனமே உரிமையாளர். குத்தகை என்றால், காலம் முடிந்ததும் வண்டியைத் திருப்பித் தர வேண்டும். அடமானக் கடன் என்றால் வண்டி உங்களுடையது. நிறுவனத்துக்கு அதன் மேல் பிடிமானம் மட்டுமே உண்டு. ஆர்.சி.யில் உங்கள் பெயர் இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். நிறுவனத்தின் பெயரும் அதில் பதிவாகியிருக்கும். mParivahan செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். அந்தப் பதிவு இருக்கும்வரை, நகரி பக்கம் கொண்டுபோய் விற்றாலும், நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் பெயர் மாற்ற முடியாது.

உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் தீர்ப்பளித்த மாக்மா பின்கார்ப் வழக்கைப் பார்ப்போம். வண்டி வாங்கியவர் 35 தவணையில் 7 மட்டுமே கட்டியிருந்தார். தவணைக் கொள்முதலில் நிறுவனமே உரிமையாளர், தவணை தவறினால் வண்டியை எடுக்கலாம் என்றது நீதிமன்றம். ஆனால் எடுப்பதற்கு முன் முறையான நோட்டீஸ் கொடுக்காதது சேவைக் குறைபாடு என்று சொல்லி, 15,000 ரூபாய் மட்டும் இழப்பீடு வழங்கச் சொன்னது. நோட்டீஸ் வரவில்லை என்பதற்காகக் கடன் தள்ளுபடி ஆகிவிடாது.

எடுக்கும் உரிமை இருந்தாலும், ஆள் வைத்து அடித்துப் பிடுங்க யாருக்கும் உரிமை இல்லை. இதையும் உச்ச நீதிமன்றம் 2007, 2011 தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. நோட்டீஸ் காலம், வண்டியை எடுக்கும் முறை, விற்கும் முன் தரும் கடைசி வாய்ப்பு ஆகியவை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும் என்பது நிதி நிறுவனங்களுக்கான ரிசர்வ் வங்கி விதி.

ஆகவே, டியூ தவறும் என்று தெரிந்தவுடனே கால அவகாசம் கேட்டு எழுத்தில் கொடுங்கள். ஆள் வந்தால் அடையாள அட்டையையும் நிறுவனம் தந்த அதிகாரக் கடிதத்தையும் கேளுங்கள். மிரட்டினால் 100-க்கு அழையுங்கள். வண்டியை எடுத்துவிட்டால், உள்ளே இருந்த பொருட்களைப் பட்டியலிட்டுக் கையொப்பம் வாங்குங்கள். முதலில் நிறுவனத்திடம் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். உதவிக்கு 14448.

கடைசி டியூ கட்டியதோடு வேலை முடியவில்லை. நிறுவனத்திடம் தடையில்லாச் சான்று வாங்கி, படிவம் 35-ஐ ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து, ஆர்.சி.யில் உள்ள நிறுவனப் பதிவை நீக்கச் செய்யுங்கள். அதன் பிறகுதான் ஆவணத்திலும் வண்டி முழுக்க உங்களுடையது.