வெறுமையாய் விடப்பட்ட கட்டங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வேதியியலார் ஏறத்தாழ ஐம்பது தனிமங்களை அறிந்திருந்தனர். அவற்றை எந்த ஒழுங்கில் அடுக்குவது என்பது விளங்கவில்லை.

ஜெர்மானிய அறிஞர் டாபரைனர் 1829-இல் ஒரு வழி கண்டார். ஒத்த பண்புடைய மூன்று தனிமங்களை அணு எடைப்படி நிறுத்தினால், நடுத்தனிமத்தின் எடை மற்ற இரண்டின் சராசரியை ஒட்டி அமைந்தது. இலித்தியத்தின் எடை 7. பொட்டாசியத்தின் எடை 39. இரண்டின் கூடுதல் 46. அதில் பாதி 23. அதுவே சோடியத்தின் எடை. இது மும்மை விதி எனப்பட்டது. ஆயினும் பல தனிமங்கள் இவ்விதிக்குள் அடங்கவில்லை.

ச, ரி, க, ம, ப, த, நி என்னும் ஏழு சுரங்களுக்குப்பின் எட்டாவதாக மீண்டும் ச வருகிறது. தனிமங்களை எடை வரிசையில் அடுக்கினால் பண்புகளும் அவ்வாறே எட்டாம் இடத்தில் திரும்புவதை இங்கிலாந்தின் நியூலாந்து 1865-இல் எடுத்துரைத்தார். அக்காலத்தில் அறிந்த தனிமங்களுள் இலித்தியத்தை ஒன்றென எண்ணினால், எட்டாவது சோடியம். ஆனால், கால்சியத்துக்குப்பின் ஒழுங்கு பிறழ்ந்தது. கட்டங்களை இடைவெளியின்றி நிரப்பியமையால், ஆக்சிஜனும் கந்தகமும் நின்ற வரிசையில் இரும்பு சேர்ந்துவிட்டது.

1869-இல் அட்டவணை அமைத்த ரஷ்ய அறிஞர் மெண்டலீவ், பண்பு பொருந்தாத தனிமத்தை ஒரு கட்டத்தில் திணிக்கவில்லை. கட்டத்தை வெறுமையாக விட்டார். சிலிக்கானுக்குக் கீழே அத்தகைய ஓர் இடம் இருந்தது. சிலிக்கானின் எடை 28. வெள்ளீயத்தின் எடை 118. இவற்றின் சராசரி 73. மெண்டலீவ் பக்கத்துத் தனிமங்களையும் ஒப்பிட்டு, அங்கு வரவேண்டிய தனிமத்தின் எடை 72, அடர்த்தி 5.5 என்று கணித்தார். அதற்கு 'ஏக சிலிக்கான்' எனப் பெயரிட்டார். தமிழரும் தெலுங்கரும் ஏகாதசி என்று சொல்லும்போது வழங்கும் 'ஏக' என்னும் அதே வடசொல்தான் இது. 1886-இல் விங்க்லர் ஜெர்மானியத்தைக் கண்டறிந்தார். அதன் எடை 72-ஐ ஒட்டியும், அடர்த்தி 5.35 ஆகவும் இருந்தன.

எஞ்சிய வெற்றிடங்கள் இந்தியாவிலும் தேடலைத் தூண்டின. கொல்கத்தா மாநிலக் கல்லூரியில் பிரபுல்ல சந்திர ராய், அரிய இந்தியக் கனிமங்களைப் பகுத்தாய்ந்தார். புதிய தனிமம் ஒன்றேனும் கிடைத்து அட்டவணையின் இடைவெளி நிரம்பும் என்பது அவர் எதிர்பார்ப்பு. தனிமம் கிடைக்கவில்லை. அந்நாள்களில் பாதரசத்தின்மீது நீர்த்த நைட்ரிக் அமிலத்தைக் குளிர்நிலையில் ஊற்றியபோது மஞ்சள் நிறப் படிகங்கள் தோன்றின. ஆராய்ந்தபோது அது மெர்குரஸ் நைட்ரைட் என்னும் புதிய சேர்மம் என்று தெரிந்தது. 1896-இல் அதனை அவர் வெளியிட்டார். அதன்பின் அவருடைய ஆய்வு நைட்ரைட்டுகளின் பக்கம் திரும்பியது.

பயிற்சி

1. குளோரின் 35.5, அயோடின் 127. நடுத்தனிமத்தின் எடையைக் கணக்கிடுக. புரோமினின் எடையாகிய 80 உடன் ஒப்பிடுக.
2. நியூலாந்தின் வரிசையில் இரும்பு பொருந்தாத இடத்தில் அமர்ந்தது ஏன்?
3. ராய் தேடியது யாது? கண்டது யாது?