கணினியில் போகட்டும், போனில் இருக்கட்டும்: வாட்ஸ்அப் வெப்பில் பேச்சை அகற்றும் வழி

அலுவலகக் கணினியில் வாட்ஸ்அப் வெப்பைத் திறந்துவைத்து வேலை பார்க்கிறவர்களுக்கு என்றைக்காவது இந்தத் தேவை வந்தே தீரும். வீட்டுப் பேச்சு இந்த மெஷினில் கிடக்க வேண்டாம், போனில் மட்டும் இருந்தால் போதும். உடனே கை போவது `Delete chat` பக்கம்தான். அங்கே கொஞ்சம் நிறுத்துங்கள். கணினியில் அதை அழுத்தினால் போனில் இருப்பதும் சேர்ந்தே போய்விடும். `Clear chat`, `Delete for me` இரண்டும் அதே கதைதான். ‘இந்தக் கணினியில் மட்டும் அழி’ என்று ஒரு தேர்வை வாட்ஸ்அப் வைக்கவே இல்லை.

பலருக்கு இதில் குழப்பம் வரக் காரணம் இருக்கிறது. வாட்ஸ்அப் வெப் முன்பு போனின் கண்ணாடி மாதிரி இருந்தது. போனில் சார்ஜ் தீர்ந்தால் கணினியிலும் ஒன்றும் ஓடாது. 2021 ஜூலையில் அந்த ஏற்பாட்டை மாற்றத் தொடங்கினார்கள். இப்போது ஒரு போனோடு நான்கு கருவிகள் வரை இணைக்கலாம். ஒவ்வொன்றும் தனியாக இயங்கும். ஒவ்வொன்றிலும் பேச்சின் ஒரு நகல் இருக்கும். தனி நகல் என்றதும், தனியாக அழிக்கலாம் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் எல்லா நகலும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பதற்காகவே, ஒரு கருவியில் செய்த அழிப்பு, ஆர்க்கைவ், நட்சத்திரக் குறி எல்லாம் மற்றக் கருவிகளுக்கும் தகவலாகப் போகிறது. போனை ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டுக் கணினியில் அழித்தால் தப்பிக்கலாம் என்று சிலர் கணக்குப் போடுவார்கள். தப்பாது. அந்தத் தகவல் காத்திருந்து, போன் நெட்டுக்கு வந்ததும் தன் வேலையைக் காட்டும்.

நம்பிக்கை வராவிட்டால் சோதித்துப் பார்க்கலாம். வாட்ஸ்அப்பில் உங்கள் நம்பருக்கு நீங்களே செய்தி அனுப்பிக்கொள்ள வழி உண்டு. ‘சோதனை’ என்று ஒரு வரி அனுப்புங்கள். கணினியில் அந்த வரியின் ஓரத்தில் வரும் சின்ன அம்புக்குறியை அழுத்தி `Delete`, பிறகு `Delete for me`. போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்யுங்கள். அங்கேயும் அந்த வரி மறைவது கண்ணெதிரே தெரியும். இந்தச் சோதனையை அம்மாவின் சாட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

சரி, வழி என்ன? அழிக்காதீர்கள், வெளியேறுங்கள். `Log out` என்பது பேச்சை அழிக்கச் சொல்லும் கட்டளை இல்லை. ‘இந்தக் கருவி இனி என்னுடையது இல்லை’ என்று உறவை முறிப்பது. அப்போது அந்த பிரவுசருக்குள் இருந்த நகல் முழுவதும் அகற்றப்படும். போனில் ஒரு எழுத்துக்கூட அசையாது.

ஒருவர் வேலையை விட்டு நிற்கும் நாளை எடுத்துக்கொள்வோம். ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடை ஆபீசில் கணக்குப் பார்க்கும் பெண். கடைக் கணினியில் குரோமில் வாட்ஸ்அப் வெப் மாதக்கணக்காகத் திறந்தே இருக்கிறது. அதில் பார்ட்டிகளின் ஆர்டரும் உண்டு, மாமியார் அனுப்பிய மருத்துவ ரிப்போர்ட்டும் உண்டு. நாளை முதல் அந்த நாற்காலியில் வேறொருவர்.

அவர் முதலில் பார்க்க வேண்டியது வாட்ஸ்அப்பை அல்ல, கணினியின் `Downloads` ஃபோல்டரை. வாட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃப்பையும் படத்தையும் ஒரு முறை டவுன்லோட் செய்துவிட்டால், அது சாதாரணக் கோப்பாக அங்கே உட்கார்ந்துவிடுகிறது. லாக் அவுட் அதைத் தொடாது. குரோமில் `Ctrl+J` அழுத்தினால் டவுன்லோட் பட்டியல் வரும். ஆனால் பட்டியலில் இருந்து பெயரை நீக்கினால் மட்டும் கோப்பு போய்விடாது. ஃபோல்டரைத் திறந்து, சொந்தக் கோப்புகளைத் தேர்ந்தெடுத்து `Shift+Delete` கொடுத்தால் ரீசைக்கிள் பின்னுக்கும் போகாமல் நீங்கும். கடையின் கோப்பு எது, தன்னுடையது எது என்று பார்த்துச் செய்வது நல்லது. வேலையை விடும் நாளில் பில் காணவில்லை என்ற பேச்சு வேண்டாம். இங்கே அழிப்பது போனைப் பாதிக்காது, ஏனென்றால் இது வாட்ஸ்அப்புக்கு வெளியே கிடக்கும் கோப்பு.

அடுத்தது லாக் அவுட். கணினியில் நெட் இருக்கும்போதே, வாட்ஸ்அப் வெப்பின் மெனுவில் `Log out` அழுத்தி, கேட்கும்போது உறுதி செய்ய வேண்டும். திரும்பவும் க்யூஆர் கோடு திரையில் வந்தால்தான் காரியம் முடிந்தது. டேபை மட்டும் மூடுவதும், கணினியை ஷட்டவுன் செய்வதும் லாக் அவுட் ஆகாது. மறுநாள் யாராவது அதே முகவரியைத் திறந்தால் எல்லாம் அப்படியே நிற்கும். விண்டோஸ் ஆப்பாக நிறுவியிருந்தாலும் இதே வரிசைதான்: ஆப்பின் `Settings` உள்ளே போய் முதலில் லாக் அவுட், பிறகுதான் அன்இன்ஸ்டால்.

கடைசியாகப் போனில் சரிபார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டில் மேலே உள்ள மூன்று புள்ளியிலும், ஐபோனில் `Settings` உள்ளேயும் `Linked devices` இருக்கும். அங்கே அந்தக் கணினியின் பெயர் இல்லாமல் போயிருக்க வேண்டும். இன்னும் இருந்தால் அதைத் தொட்டு அங்கிருந்தே `Log out` கொடுக்கலாம். வீட்டுக்கு வந்த பிறகு ஞாபகம் வந்தவர்களுக்கும் இதுதான் வழி. ஒரு வரம்பு மட்டும் உண்டு: அந்தக் கணினி அப்போது நெட்டில் இல்லாவிட்டால், அதற்குள் இருக்கும் நகல் உடனே துடைக்கப்படாது, அது அடுத்த முறை நெட்டோடு பேசும்போதுதான் செய்தி போய்ச் சேரும். அதனால்தான் உட்கார்ந்த இடத்திலேயே செய்துவிடுங்கள் என்கிறேன்.

சில சமயம் வாட்ஸ்அப் வெப் பக்கமே சுற்றிக்கொண்டு நிற்கும், மெனு திறக்காது. அப்போது `web.whatsapp.com` என்ற முகவரிக்கு இடப்பக்கம் உள்ள சின்னத்தை அழுத்தி, சைட் செட்டிங்ஸுக்குள் போய், அந்தத் தளம் சேமித்து வைத்த டேட்டாவை நீக்கலாம். இதுவும் போனைத் தொடாது, ஏனென்றால் வாட்ஸ்அப்புக்கு ‘அழி’ என்ற தகவலே போகவில்லை. பிரவுசர் தன் பெட்டியைக் காலி செய்துகொண்டது, அவ்வளவுதான். ஆனால் போனின் பட்டியலில் அந்தக் கணினியின் பெயர் தங்கியிருக்கும். அதையும் லாக் அவுட் செய்துவிட வேண்டும்.

இதில் ஒரு குறை: லாக் அவுட் செய்தால் எல்லாமே போகும், செய்யாவிட்டால் எதுவும் போகாது. ஒரே ஒரு சாட்டை மட்டும் கணினியில் இருந்து எடுக்க முடியாது. லாக் அவுட் செய்து மறுபடி இணைத்தால், சமீப காலத்துப் பேச்சைப் போன் திரும்பக் கணினிக்கு அனுப்பிவிடும். எந்தச் சாட் வேண்டும், எது வேண்டாம் என்று கேட்காது.

தினமும் அந்தக் கணினியில் வேலை இருக்கிறது, ஒரு சாட் மட்டும் கண்ணில் படக் கூடாது என்பவர்கள் அதைப் பூட்டி வைக்கலாம். போனில் அந்தச் சாட்டை நீண்ட நேரம் அழுத்தி, மெனுவில் `Lock chat`. அது பட்டியலில் இருந்து விலகி `Locked chats` என்ற தனி இடத்துக்குப் போகும். அங்கே உள்ள செட்டிங்ஸில் `Secret code` ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். இணைத்த கணினியில் பூட்டிய சாட்டைத் திறக்க அதுதான் சாவி. பூட்டிய கையோடு கணினித் திரையைப் பார்த்து, சாட் மறைந்துவிட்டதா என்று உறுதி செய்துகொள்வது நல்லது. அது மறைந்து நிற்கிறதே தவிர அழியவில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். இதோடு வாட்ஸ்அப் வெப்பின் `Privacy` பகுதியில் திரைப்பூட்டு ஒன்று உண்டு. டீ குடிக்க எழுந்து போகும் நேரத்துக்கு அது உதவும். ஆர்க்கைவ் செய்வதை இதற்கு மாற்றாக நான் சொல்ல மாட்டேன். ஒரு க்ளிக்கில் யாரும் திறந்துவிடலாம்.

பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடையில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்கிறவர்கள், முதலிலேயே குரோமில் `Ctrl+Shift+N` அழுத்தி இன்காக்னிடோ ஜன்னல் திறக்கச் சொல்லுங்கள். அந்த ஜன்னலை மூடியதும் பிரவுசரில் சேர்ந்தது நீங்கும். ஆதார் பிடிஎஃப் மட்டும் `Downloads` உள்ளேயே கிடக்கும். அதை அழித்துவிட்டுக் காசு கொடுங்கள். உண்மையில் ஒரு பிடிஎஃப்புக்காக முழு வாட்ஸ்அப்பையும் அங்கே திறப்பதைவிட, கடைக்காரரின் மெயிலுக்கு அந்த ஒரு கோப்பை அனுப்புவது மேல்.

டெலிகிராம் பயன்படுத்துகிறவர்களுக்கும் முடிவு இதேதான், காரணம் மட்டும் வேறு. அங்கே சாதாரணச் சாட்கள் நிறுவனத்தின் சர்வரில் இருக்கின்றன. எங்கே அழித்தாலும் எல்லா இடத்திலும் போகும். லாக் அவுட் மட்டும் அங்கேயும் பாதுகாப்பானது.

இதைப் படிப்பதற்கு முன்பே கணினியில் `Delete chat` அழுத்திவிட்டவர்கள், போனில் `Settings`, `Chats`, `Chat backup` என்று போய்க் கடைசி பேக்கப் எப்போது நடந்தது என்று பாருங்கள். அழித்தது அதற்குப் பிறகு என்றால் மீட்க வழி இருக்கிறது. `Back up` பட்டனை மட்டும் இப்போது அழுத்திவிடாதீர்கள்; பழைய பேக்கப்பின் மேல் புதியது ஏறிவிடும். ஆண்ட்ராய்டில் தினமும் அதிகாலை 2 மணிக்குப் போனுக்குள்ளேயே ஒரு பேக்கப் தானாக நடக்கும் என்பதால், அன்று இரவுக்குள் முடிவெடுப்பது நல்லது. முதலில் போனைக் கணினியில் செருகி, இந்த ஃபோல்டரை அப்படியே நகலெடுத்து வையுங்கள்:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Databases
```

வாட்ஸ்அப்பை அன்இன்ஸ்டால் செய்யும்போது இதுவும் சேர்ந்து போக வாய்ப்புண்டு. அதனால்தான் முன்கூட்டியே நகல். பிறகு வாட்ஸ்அப்பை நீக்கி, மறுபடி நிறுவி, ஃபோல்டர் போயிருந்தால் ஆப்பைத் திறக்கும் முன் நகலை அதே இடத்தில் திரும்ப வைத்து, அதே நம்பரை உறுதி செய்து, கேட்கும்போது `Restore` கொடுங்கள். பேக்கப் நடந்த நேரம் வரையிலான பேச்சு திரும்பும். அதற்குப் பின் வந்த செய்திகள் எல்லாச் சாட்டிலும் போய்விடும். அந்த இழப்பு தாங்குமா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். ஐபோனில் இதே வேலைக்கு ஐகிளவுட் பேக்கப்தான் கதி. அங்கும் தேதியைப் பார்த்துவிட்டுத்தான் ஆப்பை நீக்க வேண்டும். எப்படியானாலும் மறுபடி நிறுவிய பிறகு கணினியோடு இருந்த இணைப்பு அறுந்திருக்கும். வேண்டுமானால் மட்டும் திரும்ப இணைத்துக்கொள்ளலாம்.