எழுபது விழுக்காடு யாருடையது? யூடியூப் நெட்வொர்க்கில் கையெழுத்திடும் முன்

யூடியூபில் கொஞ்சம் ஓடத் தொடங்கிய எந்த அலைவரிசைக்கும் இந்த மின்னஞ்சல் ஒருநாள் வந்துவிடும். "உங்கள் காணொளிகள் எங்களுக்குப் பிடித்திருக்கின்றன, எங்கள் நெட்வொர்க்கில் சேருங்கள், வருமானத்தில் 70 விழுக்காடு உங்களுக்கே." இப்படி எழுதுகிற நிறுவனங்களைத்தான் எம்.சி.என். என்கிறோம். பல அலைவரிசைகளைத் தன் கீழே சேர்த்து, அவற்றின் விளம்பரப் பணத்தைத் தான் வாங்கி, பங்கு போட்டுக் கொடுக்கும் இடைநிலை நிறுவனம் அது. யூடியூப் நடத்துவது அல்ல. சேர்ந்து நன்மை அடைந்தவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பதினைந்து பக்க ஒப்பந்தத்தைப் படிக்காமல் 'ஓகே' தட்டும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. அதனால் ஓர் உதாரணத்தை முழுதாகச் சொல்கிறேன்.

கிள்ளான் பக்கம் ஓர் உறுமி மேளக் குழு. ஐந்து பேர், எல்லாருக்கும் இருபது வயசுக்குப் பக்கம்தான். தாங்களே அமைத்த அடிகளை வாசித்துப் பதிவேற்றுவார்கள். தைப்பூச மாதத்தில் பார்வைகள் எகிறும். 2023 மார்ச் 1-ஆம் தேதி ஒரு நெட்வொர்க்கில் கையெழுத்துப் போட்டார்கள். 2024 நவம்பரில் ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். "அண்ணே, எழுபது நமக்குன்னுதானே சொன்னாங்க. காசு ஏன் இவ்ளோ கம்மியா வருது?" என்பதுதான் முதல் கேள்வி.

நான் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அவர்களின் நீளக் காணொளிகளுக்கு ஒரு மாதம் விளம்பரதாரர் கொடுத்தது 2,000 ரிங்கிட் என்று வையுங்கள். யூடியூப் முதலில் 45 விழுக்காட்டை, அதாவது 900 ரிங்கிட்டை, தனக்கு எடுத்துக்கொள்ளும். மிச்சம் 1,100. நெட்வொர்க் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த 1,100 குழுவுக்கு உரியது. நெட்வொர்க் தன் 30 விழுக்காட்டை யூடியூபின் பங்கிலிருந்து எடுப்பதில்லை, இந்த 1,100-இலிருந்துதான் எடுக்கிறது. 330 போக 770 வரும். மொத்தத்தில் பார்த்தால் அது 38.5 விழுக்காடு. யாரும் பொய் சொல்லவில்லை, எதில் எழுபது என்பதைத்தான் சொல்லவில்லை. ஸ்டூடியோவில் பையன்கள் பார்த்துக்கொண்டிருந்தது நெட்வொர்க் பங்கு கழிக்காத தொகை. அதனால்தான் வங்கிக்கு வந்தது எப்போதும் குறைவாகவே தெரிந்தது.

அடுத்த பக்கத்தில் இதைவிடப் பெரிய ஓட்டை இருந்தது. "படைப்பாளியின் அலைவரிசை தொடர்பான எல்லா வருமானமும்" என்று ஒரு வரி. உள்ளூர் மேளக் கடை ஒன்று விளம்பரத்துக்கு 1,500 ரிங்கிட் கொடுத்திருந்தது. கடைக்காரரைப் பிடித்தது குழுவே, பேசியதும் குழுவே. அதிலும் 450 ரிங்கிட் நெட்வொர்க்குக்குப் போனது. இந்த வரியைக் கையெழுத்துக்கு முன் மாற்றச் சொல்லலாம்: நெட்வொர்க் கொண்டுவந்த விளம்பரத்தில் மட்டும் அவர்களுக்குப் பங்கு. நியாயமான நிறுவனம் இதற்குச் சம்மதிக்கும். சம்மதிக்காவிட்டால் அதுவே ஒரு பதில்தான்.

தனியுரிமைப் பிரிவு, அதாவது வேறு யாரோடும் சேரக்கூடாது என்பது, இவர்களை வேறு விதத்தில் கட்டியிருந்தது. ஒப்பந்தம் குழுவின் அலைவரிசையை மட்டும் சொல்லவில்லை. கையெழுத்திட்டவரின் "இப்போதுள்ள, இனித் தொடங்கும் எல்லா அலைவரிசைகளும்" என்றது. கையெழுத்துப் போட்ட தம்பி தன் சொந்தப் பெயரில் சமையல் காணொளி போட ஆரம்பித்தாலும் அது உள்ளே வந்துவிடும். அந்த ஒரு வார்த்தையை நீக்கி, அலைவரிசையின் முகவரியை மட்டும் எழுதச் சொல்வது போதும்.

இதோடு கன்டன்ட் ஐடியையும் கவனியுங்கள். பிறர் காணொளியில் உங்கள் ஒலி வந்தால் கண்டுபிடித்து உரிமை கோரும் யூடியூபின் ஏற்பாடு அது. நெட்வொர்க் உங்கள் அடிகளை அதில் தன் பெயரில் பதிந்திருந்தால், நீங்கள் வெளியேறிய பிறகும் அந்தப் பதிவு தானாக நீங்காது. உங்கள் சொந்தக் காணொளிமேலேயே அவர்களின் உரிமைக்கோரல் விழலாம். மேளம் நம்முடையது, காசு வேறு இடத்துக்குப் போகும்.

இனி வெளியேறும் வழி. ஒப்பந்தக் காலம் 24 மாதம், 2025 பிப்ரவரி 28 வரை. ஆனால் முடிவதற்குக் குறைந்தது 60 நாளுக்கு முன் எழுத்தில் அறிவிக்காவிட்டால் இன்னொரு 24 மாதம் தானாகத் தொடரும். எண்ணிப் பார்த்தால் கடைசி நாள் 2024 டிசம்பர் 30. விடுமுறை நேரம், யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்! நாங்கள் டிசம்பர் 10-ஆம் தேதியே, ஒப்பந்தத்தில் குறித்திருந்த மின்னஞ்சல் முகவரிக்கே எழுதினோம். வழக்கமாகப் பேசும் மேலாளருக்கு வாட்சப் அனுப்பினால் அது அறிவிப்பு ஆகாது. கடிதம் நான்கே வரி: புதுப்பிக்கவில்லை, பிப்ரவரி 28-இல் முடிகிறது, அன்று அலைவரிசையை விடுவியுங்கள், கன்டன்ட் ஐடியில் உள்ள எங்கள் பதிவுகளை நீக்குங்கள்.

பதில் ஜனவரியில் வந்தது. பங்கை 80 ஆக்குகிறோம், இருங்கள் என்றார்கள். அதை ஏற்றால் புதிய காலம் தொடங்கும் என்பது இணைப்பில் சிறு எழுத்தில் இருந்தது. பையன்கள் வேண்டாம் என்றார்கள்.

விடுவிப்பது நெட்வொர்க் தன் பக்கத்தில் செய்ய வேண்டிய வேலை. அவர்கள் இழுத்தடித்தால் முடிவுத் தேதியையும் அறிவிப்புக் கடிதத்தையும் வைத்து யூடியூப் உதவிப் பிரிவிடம் கேட்கலாம். ஆனால் உங்கள் ஒப்பந்தச் சண்டையில் யூடியூப் நடுவராக வராது. ஆத்திரத்தில் காணொளிகளை அழிப்பதும், புது அலைவரிசைக்கு மாற்றுவதும் மட்டும் கூடாது. அப்புறம் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் ஆவீர்கள். அலைவரிசையின் உரிமையாளர் இன்னும் நீங்கள்தானா என்பதை ஸ்டூடியோவில் Settings, பிறகு Permissions போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். உரிமையையே நெட்வொர்க்கிடம் கொடுத்திருந்தால், வெளியேறுவது என்பது வெறுங்கையோடு போவதுதான்.

மார்ச் 6-இல் விடுவித்தார்கள். அடுத்து சொந்த ஆட்சென்ஸ் கணக்கை இணைக்க வேண்டும். முகவரியை உறுதிப்படுத்தும் பின் எண் தபாலில்தான் வரும், அதுவும் கணக்கில் 10 அமெரிக்க டாலர் சேர்ந்த பிறகு. இந்த இடைவெளியில் விளம்பரம் ஓடாத நாட்களும் இருக்கும். அதனால் வெளியேறும் மாதத்தில் பெரிய செலவு எதையும் ஏற்காதீர்கள் என்று முன்பே சொல்லி வைத்திருந்தேன்.

என்னைக் கவலைப்பட வைத்தது கடைசிப் பணம். அந்த ஆண்டு தைப்பூசம் பிப்ரவரி 11. அதாவது ஆண்டின் பெரிய வருமானம் ஒப்பந்தத்தின் கடைசி மாதத்தில் விழுந்தது. யூடியூப் அதை மார்ச் 21-க்கும் 26-க்கும் இடையில் நெட்வொர்க்குக்கு அனுப்பும். நெட்வொர்க் பெற்றதிலிருந்து 45 நாளுக்குள் குழுவுக்குத் தர வேண்டும். ஆக மே 10 வரை காத்திருப்பு, அதுவும் கைவிட்டுப் போனவர்களுக்கு அவர்கள் கொடுப்பதை நம்பி. இது வீண் பயம் இல்லை. 2018 நவம்பரில் அமெரிக்காவில் டிஃபை மீடியா என்ற பெரிய நிறுவனம் திடீரென மூடியபோது, அதன் நெட்வொர்க்கில் இருந்த படைப்பாளிகளின் விளம்பரப் பணம் வந்து சேரவில்லை. கடன் கொடுத்தவர்கள் நிறுவனத்தின் கணக்குகளைப் பிடித்துவிட்டார்கள். யூடியூப் கொடுத்துவிட்டது, நடுவில் நின்றவரிடம்தான் காசு போனது.

குழுவிடம் ஒவ்வொரு மாத அறிக்கையும் பதிவிறக்கி வைத்திருந்தார்கள். பிப்ரவரிக்கு வர வேண்டிய தொகையை எண்ணோடு எழுதிக் கேட்டோம். மே 8-இல் வந்தது. கன்டன்ட் ஐடியில் இரண்டு அடிகள் மட்டும் நீங்காமல் இருந்தன. ஒவ்வொன்றையும் தனித்தனியாக மறுத்து எழுதிய பிறகு ஜூனில் அவையும் நீங்கின.